ஷார்ட் பிடிக்கும் முன் கணக்கைக் காட்டுங்கள்: பெட்ரோல் பங்க் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே,

வணக்கம். ஷிப்ட் முடிந்து பணம் குறைந்தால், அந்தத் தொகையை 'ஷார்ட்' என்று சொல்லி, சேல்ஸ்மேன்களான எங்கள் சம்பளத்தில் பிடிப்பது உங்களுக்குப் பழகிப்போன வழக்கம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பிடிப்பதற்கு முன் கணக்கை எழுத்தில் காட்டி, எங்கள் விளக்கத்தைக் கேளுங்கள்.

ஷார்ட் என்று வருவதெல்லாம் கையாடலும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. காலை டெஸ்டிங்கையே பாருங்கள். அளவுக் குவளையில் 5 லிட்டர் பிடித்துச் சரிபார்த்துத் திரும்ப டேங்கில் ஊற்றுகிறோம். எண்ணெய் விற்கவில்லை, ஆனால் மீட்டர் ஓடிவிட்டது. முடிவு ரீடிங்கிலிருந்து தொடக்க ரீடிங்கைக் கழித்தால் 600 லிட்டர் என்றால், விற்றது 595 தான். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த 5 லிட்டரைக் கழிக்க மேனேஜர் மறந்த அன்று 505 ரூபாய் 'ஷார்ட்'. தவறியது அவர், கட்டுவது நாங்கள்.

இதைவிட வலிப்பது யுபிஐ. வண்டிக்காரர் ஸ்கேன் செய்கிறார், அவர் கணக்கில் 2,000 ரூபாய் கழிகிறது, நம் ஸ்பீக்கர் பேசவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், அவர் கிளம்பிவிடுகிறார். ராத்திரி செட்டில்மென்ட்டில் அந்தத் தொகை ஷார்ட். தாமதமாக அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துசேர்ந்தாலும், பிடித்த சம்பளம் திரும்புவதில்லை. ஸ்டேட்மென்ட் உங்களிடம்தானே இருக்கிறது? பணம் அதிகமாக வந்த நாளில் மட்டும் யாரும் எங்களைக் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. அது கல்லாவின் அதிர்ஷ்டம் போலும்!

பணப்பையை மேடைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்த் தொலைத்தால், பிடியுங்கள். அது அலட்சியம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 7, 10 பிரிவுகளில் இருந்ததையே 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 18, 21 பிரிவுகளும் சொல்கின்றன. இழப்பு ஊழியரின் அலட்சியத்தால் நேரடியாக வந்திருக்க வேண்டும். இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் பிடிக்கவே கூடாது. பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது: 12,000 வாங்குபவருக்கு 6,000 தான் உச்சம். வேலைக்குச் சேரும்போது 'ஷார்ட் வந்தால் கட்டுகிறேன்' என்று எழுதி வாங்கிய தாள் இந்த நிபந்தனைகளைத் தள்ளுபடி செய்துவிடாது.

ஏசி அறையில் கேமரா எட்டு இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ரீடிங் தாள் ஒன்றுக்குத்தான் பஞ்சம்.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதல்ல. ஷிப்ட் மாறும்போது இரு தரப்பும் கையெழுத்திட்ட ரீடிங், டெஸ்டிங் அளவு, யுபிஐ, கார்டு, ரொக்கம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். நகல் ஒன்று எங்களுக்குத் தாருங்கள். யுபிஐ ஷார்ட் என்றால், வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடும்வரை பிடிக்காதீர்கள். பிடித்தபின் பணம் வந்திருந்தால், அடுத்த சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பங்க் சேல்ஸ்மேன்கள்