முதல் பருவ மதிப்பீட்டு அட்டை: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை நடைபெறும் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் உங்கள் பிள்ளையின் முதல் பருவ மதிப்பீட்டு அட்டையை வகுப்பாசிரியர் உங்களிடம் தருவார். கணிதத்தில் தரம் இறங்கிவிட்டது என்று இரண்டு நாட்களாகப் பள்ளி வாசலிலேயே என்னிடம் கலக்கத்துடன் கேட்டவர்கள் பலர். எனவே, ஆசிரியர் உங்களிடம் எவ்வாறு பேசுவார் என்பதை ஒரு மாதிரி அட்டையைக் கொண்டு முன்கூட்டியே எழுதுகிறேன். இது எந்தப் பிள்ளையின் அட்டையும் அன்று. விளக்குவதற்காக நானே எழுதிக்கொண்டது.

அட்டையில் கணிதத்துக்கு நேரே 63 மதிப்பெண், பி2 தரம் என்று இருக்கிறது. போன ஆண்டு அதே பிள்ளை ஏ2 வாங்கியிருந்ததால் தாயின் முதல் கேள்வி, "ஏன் டீச்சர், இவ்வளவு இறங்கிவிட்டாள்?" என்பதாகவே இருக்கும். அதற்கு ஆசிரியர், "அம்மா, 63ஐ விட்டுவிட்டு, அதற்கு முன்னால் உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள்" என்று தொடங்குவார். வளரறி மதிப்பீட்டில் 40க்கு 34. தொகுத்தறி மதிப்பீட்டில், அதாவது பருவத் தேர்வில், 60க்கு 29. முதல் எண் வகுப்பில் செய்த செயல்பாடுகளுக்கும் இடையிடையே நடந்த சிறு தேர்வுகளுக்கும் கிடைத்தது. அவற்றுள் சில குழுவாகச் செய்தவை என்பதால், 34ஐ மட்டும் பார்த்து எல்லாம் புரிந்துவிட்டது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தால், விடைத்தாளைத் திறக்காமல் பேசுவதில் பயனில்லை.

திறந்து பார்த்தால், இழந்த 31 மதிப்பெண்களுள் பத்து, எழுதாமல் விட்ட இரண்டு வடிவியல் வினாக்களுக்கு உரியவை. மையக்குத்துக்கோடும் கோண இருசமவெட்டியும் வரையும் வினாக்கள் அவை. வகுப்பு நோட்டில் இரண்டையும் சரியாக வரைந்திருக்கிற பிள்ளை, தேர்வன்று காம்பஸின் திருகு தளர்ந்து பென்சில் நிற்காததால் அப்படியே விட்டுவிட்டாள். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தப் பத்தும் கிடைத்திருந்தால் மொத்தம் 73, தரம் பி1. அதற்குத் தேவை டியூஷன் அன்று, ஒரு புதிய காம்பஸ்.

சரிவகத்தின் பரப்பளவில் நேர்ந்த பிழை வேறு வகை. இணைப்பக்கங்கள் 30 மீட்டர், 20 மீட்டர், உயரம் 12 மீட்டர் கொண்ட வயலுக்கு 300 சதுர மீட்டர் என வரவேண்டியதை 600 என்று எழுதியிருக்கிறாள். பாதியாக்க மறந்த அவசரத்துக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. அடுத்த வினாவில் அதே சூத்திரத்தைச் சரியாகப் பயன்படுத்தியிருப்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

நாம் கவலைப்பட வேண்டிய இடம் முழுக்களின் கழித்தல். (−5) − (−8) என்பதற்கு 3 என வரவேண்டும். அவள் −13 என்று எழுதியிருக்கிறாள். இதே வகைக் கணக்குகள் நான்கிலும் இரண்டாவது குறைக்குறியைக் கண்டுகொள்ளாமல் ஒரே விதமாகத் தவறியிருப்பதால் எட்டு மதிப்பெண் போனதோடு, இது கவனக்குறைவு அன்று, கருத்தே பிடிபடவில்லை என்பதும் தெரிகிறது. நான்கில் ஒன்று மட்டும் தவறியிருந்தால் நான் இவ்வாறு சொல்லமாட்டேன். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் காரணமும் கிடைக்கிறது: அந்தப் பாடம் நடந்த வாரத்தில் காய்ச்சலால் ஆறு நாட்கள் வரவில்லை. இயற்கணிதத்திலும் இந்தக் கழித்தல் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இதை இப்போதே சரிசெய்துவிட வேண்டும்.

வீட்டில் இதற்கு நம் ஊர்ப் படித்துறையே போதும். தண்ணீர் தொடும் படியைச் சுழியம் என்றும், அதற்குக் கீழே நீருக்குள் உள்ள படிகளை −1, −2 என்றும் வைத்துக்கொண்டு, நீருக்குள் எட்டாவது படியிலிருந்து ஐந்தாவது படிக்கு வர எத்தனை படி ஏற வேண்டும் என்று கேளுங்கள். மூன்று என்று பிள்ளையே சொல்லும். அதைத்தான் (−5) − (−8) கேட்கிறது என்று பிறகு நோட்டில் எழுதிக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கணக்குகள் போதும். இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் இதே வகையில் பத்துக் கணக்குகள் கொடுத்துப் பார்ப்பார்.

தரத்தைப் பற்றி ஒன்று: 61 முதல் 70 வரை பி2, 71 முதல் 80 வரை பி1. எனவே 70 வாங்கிய பிள்ளைக்கும் 71 வாங்கிய பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண்தான் வேறுபாடு. பக்கத்து வீட்டு அட்டையோடு ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குறுவை அறுவடை நடப்பதால் சந்திப்பை மாலை 4.30 மணிக்கு வைத்திருக்கிறோம். வரும்போது பிள்ளையையும் கணித நோட்டையும் அழைத்து, எடுத்து வாருங்கள்; விடைத்தாள்களை நாங்கள் தருவோம். அன்று வர இயலாதவர்கள் அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்கு முன் என் அறைக்கு வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்