வாடகை வரவும் வருமான வரி நோட்டீசும்

அன்பு நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டாவது லாரியும் எடுத்துவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். எனக்கு வந்த வருமான வரி நோட்டீஸ் எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் இப்போது அதே நிலையில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2022-23 நிதியாண்டுக்கு வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவின்படி உத்தேச வருமானம் காட்டியிருந்தேன். பத்து வண்டிகளுக்கு மேல் வைத்திராதவர்களுக்கு உரிய பிரிவு அது. மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டாத வண்டி என்றால் மாதம் 7,500 ரூபாயை வருமானமாகக் கொள்ள வேண்டும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். பழைய வண்டிக்குப் பன்னிரண்டு மாதம், செப்டம்பர் நடுவில் வாங்கிய வண்டிக்கு அந்த மாதத்தையும் சேர்த்து ஏழு மாதம் என்று 1,42,500 ரூபாய் காட்டினேன். பணிமனையில் நின்ற நாட்களையும் கழிக்கவில்லை, ஏனென்றால் வண்டி நம் பெயரில் இருந்ததா என்பதே கணக்கு, ஓடியதா என்பதல்ல.

ஆனால் வருமான வரித்துறையிடம் உள்ள என் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வாடகை வரவு 19,40,000 ரூபாய் என்று இருந்தது. நம் உறுதிமொழியையும் பான் எண்ணையும் வாங்கிக்கொண்டு லோடு கொடுப்பவர்கள் வரி பிடிக்காமல் விட்டாலும், அவர்கள் தாக்கல் செய்யும் காலாண்டு அறிக்கையில் நம் பான் எண்ணோடு அந்தத் தொகை போய்ச் சேர்ந்துவிடுகிறது. இத்தனை வரவுக்கு இவ்வளவுதான் வருமானமா என்பதே 142(1) நோட்டீசின் கேள்வி.

இந்தப் பிரிவில் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று மட்டும் பதில் எழுதினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனாலும் வாடகை வரவு வேறு, கையில் மிஞ்சுவது வேறு என்பதை அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். டீசல் செலவைத் தனியாகக் கழிக்க இந்தப் பிரிவு இடம் தராது, எல்லாச் செலவும் போக மிஞ்சியதே அந்த 7,500 என்று பொருள். ஆகவே பில்களைக் கழிவு கேட்பதற்காக அல்ல, சான்றாக மட்டுமே இணைக்கிறேன் என்று பதிலின் முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதினேன்.

மாதிரிக்கு ஒரு டிரிப்பை முழுமையாகக் காட்டினேன். நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்குப் போக 11,500, திரும்பும் லோடுக்கு 5,000, ஆக 16,500 ரூபாய் வாடகை. போக வர சுமார் 520 கிலோமீட்டர். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் வீதம் 87 லிட்டர் டீசல், 8,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சரக்கு ரசீதான எல்.ஆரின் தேதி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை வண்டி கடந்த நேரத்தைக் காட்டும் ஃபாஸ்டேக் அறிக்கை, ஓசூரில் டீசல் போட்ட பில் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பிறகு ஆண்டு முழுவதற்கும் டிரிப் ஷீட்டில் உள்ள கிலோமீட்டரையும் டீசல் லிட்டரையும் ஒப்பிட்டு மைலேஜ் காட்டினேன். மைலேஜ் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், பதிவு செய்யாத டிரிப்போ வேறு வண்டிக்குப் போட்ட டீசலோ இருக்கிறது என்ற சந்தேகம் அங்கேதான் எழும். டீசல், சுங்கம், ஓட்டுநர் சம்பளமும் படியும், டயர், வண்டிக் கடன் வட்டி எல்லாம் போக மிஞ்சியது நான் காட்டிய தொகைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது.

சிக்கலானது வேறொன்று. 19,40,000-இல் 2,60,000 ரூபாய் என் வண்டிகள் ஓடிய வாடகையே இல்லை. என் வண்டிகள் வெளியூரில் இருந்தபோது என் மைத்துனரின் லாரி அந்த லோடுகளை ஏற்றிச் சென்றது. பில் என் பெயரில் இருந்ததால் பணம் என் கணக்கில் விழுந்தது. 44ஏஇ நமக்குச் சொந்தமான வண்டிக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், இந்தத் தொகையைப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டியிருந்தது. எல்.ஆரில் அவருடைய வண்டி எண் இருந்தது; முழுப் பணமும் வங்கி வழியாகவே அவருக்குப் போயிருந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எதைக் காட்டியிருப்பேன் என்று இப்போதும் கவலையாக இருக்கிறது. இதில் நீங்கள் கமிஷன் எடுத்தால் அதைத் தனி வருமானமாகக் காட்ட வேண்டும். உத்தேசக் கணக்கில் அது அடங்காது.

காட்டிய வருமானத்தையே ஏற்றுக்கொண்டு ஆணை வந்துவிட்டது.

டீசல் பில்லின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. வாங்கிய அன்றே வண்டி எண்ணை அதில் எழுதச் சொல்லி, படம் எடுத்து வைக்கும்படி உங்கள் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். புது வண்டியின் ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்பதையும் பார்த்து எழுதுங்கள். 12,000 கிலோவைத் தாண்டியிருந்தால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வேறு கணக்கு வரும், அதை நான் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்
நாமக்கல்