நிலக்கரி மீதான செஸ்: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சிலின் தலைவருக்கும் மாநில நிதியமைச்சர்களுக்கும் வணக்கம்.

சிறு, நடுத்தர ஆலைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 2025 செப்டம்பர் 3 அன்று நீங்கள் எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிலக்கரி மீது டன்னுக்கு 400 ரூபாய் இருந்த இழப்பீட்டு செஸ்ஸை நீக்கி, ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தினீர்கள். செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வரி மூன்று மடங்குக்கு மேல் கூடியதுபோலத் தெரிகிறது. பில்லைக் கையில் வைத்துப் பார்த்தால் கதையே வேறு.

பாய்லருக்கு இறக்குமதி நிலக்கரி வாங்கும் ஒரு காகித ஆலையை எடுத்துக்கொள்வோம். டன் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பில்லில் ஜிஎஸ்டி 300, செஸ் 400. அந்த 300-ஐ ஆலை இன்புட்டாக எடுத்து, தான் விற்கும் காகிதத்துக்கான வரியில் கழித்துக்கொள்ளும். செஸ்ஸை அப்படிக் கழிக்க முடியாது. செஸ் வரவை செஸ்ஸுக்கு எதிராக மட்டுமே பயன்படுத்தலாம். காகிதத்துக்கு செஸ் கிடையாது. ஆக டன்னின் உண்மையான அடக்கவிலை 6,400. இப்போது ஜிஎஸ்டி 1,080. காகிதத்துக்கும் 18 சதவீதம் என்பதால் அந்த 1,080 முழுவதும் இன்புட்டில் திரும்பிவிடும். அடக்கவிலை 6,000. மாதம் 1,000 டன் எரிக்கும் ஆலைக்கு முன்பு 4 லட்ச ரூபாய் கையைக் கடித்தது. இன்று நிலக்கரி என்பதற்காக அது சுமக்கும் வரி பூஜ்யம்.

அந்த 4 லட்சம் அநியாயச் சுமை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு டன் நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கரி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றரை டன்னுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. சாம்பலும் கந்தகப் புகையும் தனி. இவற்றின் செலவை ஆலையும் கொடுப்பதில்லை, காகிதம் வாங்குபவரும் கொடுப்பதில்லை. புகைபோக்கிக்குக் கீழ்க்காற்றில் குடியிருப்பவர் மருந்துக்கடையில் கொடுக்கிறார். மழை தப்பிய வருடத்தில் விவசாயி கொடுக்கிறார். இப்படி அடுத்தவர் தலையில் விழும் செலவை, அதை உண்டாக்குபவரின் விலையிலேயே வரியாகச் சேர்க்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920-இல் விளக்கினார். அந்த வரி எரிப்பவரிடமே நிற்க வேண்டும். கழித்துக்கொள்ள முடிந்தால், பாய்லரின் வெப்பம் வீணாகாமல் காப்புறை போடவும் மாற்று எரிபொருள் தேடவும் அவருக்குக் காரணமே இருக்காது.

நம் நாட்டில் அதற்கு மிக அருகில் வந்தது இந்த செஸ்தான். தூய எரிசக்திக்கான செஸ்ஸாக 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கி, 2016-இல் 400-ஐ எட்டியது. அப்போதும் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய 250 ரூபாய்தான், குறைவுதான். 2017-இல் அது, ஜிஎஸ்டியால் வருவாய் குறையும் மாநிலங்களுக்கான இழப்பீட்டு நிதியாக மாறியபோது, சுற்றுச்சூழல் பணம் திசைமாறியது என்று பலர் வருந்தினார்கள். எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. பணம் எங்கே போனாலும், விலையில் அந்த 400 நின்றது. இப்போது போனது அதுதான்.

மின்நிலையங்களின் நிலை வேறு. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அவற்றுக்கு இன்புட் கிடையாது. 18 சதவீதமும் செலவில் நிற்கும். ஆனால் அது விலையைப் பார்த்து விழும் வரி. டன் 1,000 ரூபாய் பெறும் தரம் குறைந்த உள்நாட்டு நிலக்கரிக்கு முன்பு மொத்தம் 450 ரூபாய் வரி, இப்போது 180. அதே 6,000 ரூபாய் இறக்குமதிக்கு 700 இருந்தது 1,080 ஆகிவிட்டது. மலிவான நிலக்கரியில்தான் சாம்பல் அதிகம், பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதைத்தான் கூடுதலாக எரிக்க வேண்டும். அதிகம் கெடுப்பதற்குச் சலுகை கொடுத்திருக்கிறோம். தீங்கு டன் கணக்கில் வருகிறது. வரியும் டன் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். நிலக்கரி நிறுவனங்கள் சேவைகளுக்கு 18 சதவீதம் கட்டி, 5 சதவீதத்துக்கு விற்றதால் அவர்களின் இன்புட் தேங்கிக் கிடந்தது. அதைத் தீர்த்தது சரி. 18 சதவீதம் இருக்கட்டும். ஆனால் அதற்காக செஸ்ஸை எடுத்திருக்க வேண்டியதில்லை. புகையிலைக்கு அன்று செஸ்ஸை நீங்கள் நிறுத்தவில்லையே.

இழப்பீட்டு செஸ்ஸின் காலம் முடிந்துவிட்டது என்பது உண்மை. எனவே நாடாளுமன்றத்தின் வழியாக, ஜிஎஸ்டிக்கு வெளியே, இன்புட் எடுக்க முடியாத ஒரு தனி வரியை நிலக்கரிக்குப் பரிந்துரையுங்கள். டன்னுக்கு 400-இல் தொடங்கி, ஆண்டுதோறும் எவ்வளவு கூடும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அப்போதுதான் பாய்லர் மாற்ற நினைப்பவர் கணக்குப் போட முடியும். மின்கட்டணம் ஏறும் என்ற பயம் வேண்டாம். யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்றால் 28 பைசா. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு, அத்தனையும் நிலக்கரி மின்சாரமாகவே இருந்தாலும், 56 ரூபாய். வசூலிலிருந்து அந்த 56 ரூபாயை அந்த வீட்டுக்கே பில்லில் தனிக் கழிவாகக் காட்டித் திருப்பிக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வரிக் கணக்காளர்