சைகோனில் யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது

அன்புள்ள மீனா,

விசா வந்துவிட்டதாக அப்பா சொன்னார். ரொம்ப சந்தோஷம். என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். உனக்கு எழுத வேண்டியது வேறு. நம் ஊரில் கண்டக்டர் முதல் பேங்க் மேனேஜர் வரை ஒரு 'சார்' போதும். முகம் தெரியாத பெண்ணுக்கு 'அக்கா' அல்லது 'ஆன்ட்டி'. இங்கே அந்தச் சில்லறை செல்லாது.

வியட்நாமியப் பேச்சில் 'நான்', 'நீ' வர வேண்டிய இடத்திலும் உறவுமுறைதான் வரும். எதிரே இருப்பவரை அக்கா என்றால், அதே வாக்கியத்தில் உன்னைத் தங்கை என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். 'தோய்' என்று பொதுவான ஒரு 'நான்' இருக்கிறது. மொழி வகுப்பில் முதலில் அதைத்தான் சொல்லித் தருவார்கள். கடைத்தெருவில் அது ஒட்டாத பேச்சு.

நமக்கு ஒரு வசதி உண்டு. அங்கிள், ஆன்ட்டி மட்டும் தெரிந்தவர்கள் திணறும் இடத்தில் நாம் திணற வேண்டியதில்லை. 'சூ' சித்தப்பா, 'கோ' அத்தை, தெற்கில் 'யீ' என்பது அம்மாவின் சகோதரி, 'கௌ' தாய்மாமா. 'பாக்' பெரியப்பா, வெளியாட்களிடம் பேசும்போது அப்பாவைவிட மூத்த ஆண், பெண் இருவருக்குமே அது வரும். ஹோ சி மின்னை இந்த மக்கள் 'பாக் ஹோ' என்பது அந்த முறையில்தான். ஆங்கிலத்தில் 'அங்கிள் ஹோ' ஆனபோது பெரியப்பா என்பது கரைந்துபோனது.

இனி நீ தினமும் போகப்போகும் காபிக் கடை. கடைக்காரம்மாவுக்கு நாற்பத்தெட்டு இருக்கும் என்று வை. இங்கே அளவுகோல் அப்பா, அம்மாவின் வயது. அப்பாவுக்கு 56, அந்தம்மா அவரைவிட இளையவர், உனக்கோ தாய் வயது. ஆகவே 'கோ'. அவரிடம் நீ 'கொன்', அதாவது பிள்ளை. "கோ ஓய், சோ கொன் மொக் லி காஃபே" என்றால் "அத்தை, பிள்ளைக்கு ஒரு காபி கொடுங்கள்" என்று அர்த்தம். வடக்கே ஹனோய்ப் பக்கம் 'கொன்' இருக்கும் இடத்தில் 'சாவ்' வரும். அதே கடையில் முப்பத்திரண்டு வயதுப் பெண் நின்றால் "சி ஓய், சோ எம் மொக் லி காஃபே": அக்கா, தங்கைக்கு ஒரு காபி. இரண்டு சொல்லும் சேர்ந்தே மாறுவதைக் கவனி. வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் பாதியை மட்டும் மாற்றி, 'கோ' என்று அழைத்துவிட்டுத் தன்னைத் 'தோய்' என்பார்கள். அத்தை என்று கூப்பிட்டுவிட்டு அந்நியரைப் போலப் பேசுவதாகிவிடும்.

சிக்கல் வருவது முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை உள்ள பெண்களிடம். 'கோ' என்றால் வயதைக் கூட்டியது போல. சந்தேகம் வந்தால் 'சி' என்றே தொடங்கு. முறை தப்பியிருந்தால் அவர் பதிலிலேயே தெரியும்: நீ 'சி' என்றதற்கு அவர் தன்னைக் 'கோ' என்று சொல்லிக்கொண்டால், அடுத்த வாக்கியத்திலிருந்து நீயும் 'கோ', 'கொன்' என்று மாறிவிடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். பார்த்த மறுநிமிஷம் பிறந்த வருஷத்தைக் கேட்பதும் இதற்காகத்தான், வம்புக்கு அல்ல. சிலர் என்ன மிருக வருஷம் என்பார்கள். நீ 1999 ஜூலை, அதனால் பூனை. சீனர்களுக்கு முயல் வரும் இடத்தில் இங்கே பூனை.

தொனியிலும் கவனம் வேண்டும். சமமாகச் சொன்னால் 'பா' அப்பா. குரலை இறக்கினால் பாட்டி.

ஆபீஸில் உன்னைவிட மூத்த ஆண் 'ஆன்', அவரிடம் நீ 'எம்'. கணவன் மனைவியும் இதே ஜோடியைத்தான் பயன்படுத்துவார்கள், அதனால் பக்கத்து சீட்டுக்காரர் 'எம்' என்றால் முறைக்காதே. 'எம்' இளையவருக்கான சொல், நம் ஊர் 'நீ' மாதிரி மரியாதைக் குறைவு அதில் இல்லை. மேலதிகாரியைச் 'செப்' என்பார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது. ஆங்கில மெயிலில்கூட 'டியர் ஆன்' என்று தொடங்கிக் கடைசிப் பெயரைப் போடுவார்கள், ஏனென்றால் சொந்தப் பெயர் கடைசியில்தான் வரும். முதலில் நிற்கும் 'ங்யுயென்' குடும்பப் பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆபீஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

தெற்கில் வீட்டின் மூத்த பிள்ளை 'ஹாய்', அதாவது இரண்டு. ஒன்று என்று யாரையும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கார அம்மாள் 'கோ பா' என்று சொன்னால் அந்தப் 'பா' அப்பா இல்லை, மூன்று என்று அர்த்தம், ஆனால் அவர் பெற்றோருக்கு இரண்டாவது பிள்ளை. அவருடைய அக்காவோ அண்ணனோ வந்தால் 'ஹாய்' என்று நீயே புரிந்துகொள்.

நேற்றுவரை 'ஆன்', 'எம்' என்று பேசியவர் திடீரென 'தோய்' என்று தொடங்கினால், ஏதோ கோபம். குரலை வைத்து இங்கே கோபத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம், இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

டிக்கெட் எடுத்ததும் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணன்