25,000 மணி நேரமும் இரண்டு வருஷமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்இடி பல்பின் அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தும் இரண்டு கோடை தாண்டுவதற்குள் போய்விடுகிறதே, கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா என்று தங்கள் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நெல்லை டவுன் வாகையடி முக்கிலிருந்து பாளை மார்க்கெட் வரை எந்த எலக்ட்ரிக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழும் கேள்விதான். பல்பைத் திறந்து பார்த்தால் பதில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பதில் அந்த அட்டையிலேயே இருக்கிறது.

முதலில் அட்டை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் 25,000 மணி நேரம் என்பது பதிமூன்றரை வருஷத்துக்கும் மேல். அதே அட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் வாரன்டி இரண்டு வருஷம் என்றிருக்கும். இரண்டு வருஷத்துக்கு நாம் எரிப்பது 3,650 மணி நேரம். ஆக, தயாரிப்பாளர் கைக்காசைப் பணயம் வைத்து உறுதி சொல்வது, அச்சிட்டதில் ஏழில் ஒரு பங்குக்குத்தான். இதில் அப்பட்டமான பொய் என்று எதையும் காட்ட முடியாது. எல்இடி உலகில் ஆயுள் என்றால், வெளிச்சம் முதல் நாளில் இருந்ததில் 70 சதவீதமாக மங்கும் வரையுள்ள காலம். பெரும்பாலும் அது பல்புக்குள் இருக்கும் மஞ்சள் வில்லைகளுக்கான கணக்கு. அந்த வில்லைகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் என்ற சிறு பலகையின் ஆயுள் வேறு. நம் வீட்டில் பல்பு மங்கிச் சாவதில்லை, பட்டென்று அணைந்துதான் போகிறது என்பதைக் கவனித்தாலே வித்தியாசம் விளங்கும்.

வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்ததற்கு ஆவணத்தோடு இருக்கும் சாட்சி பழைய குண்டு பல்புதான். 1924-ல் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய தயாரிப்பாளர்கள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தார்கள். நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டதோடு, பல்பு 1,000 மணி நேரம்தான் எரிய வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் சாதாரணமாகக் கிடைத்தன. ஒவ்வொரு தொழிற்சாலையும் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதிக நேரம் எரிகிற பல்பைச் செய்தவர் அபராதம் கட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கூட்டணி குலைந்தது.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். குண்டு பல்பில் ஆயுளும் வெளிச்சமும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. ஐந்து சதவீதம் குறைந்த வோல்டேஜில் எரித்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெளிச்சமோ ஆறில் ஒரு பங்கு குறைந்து, கரண்ட் செலவுக்குத் தகுந்த வெளிச்சம் கிடைக்காது. கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் 1901 முதல் எரியும் பல்பு என்று காட்டுகிறார்களே, அது சில வாட் அளவில் சிவந்து மினுங்குகிறது, அவ்வளவே. அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாது. 1951-ல் பிரிட்டனின் ஏகபோக விசாரணைக் குழுவும் 1,000 மணி நேரம் என்பது நியாயமான சமரசம்தான் என்றே எழுதியது. பொருளியல்படி நியாயமாக இருக்கலாம். அதை அபராதம் போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

எல்இடியில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. இங்கே குறைந்த கரண்டில் ஓட்டினால் ஆயுளும் கூடும், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடும். 2016-ல் துபாய் நகராட்சிக்காக பிலிப்ஸ் செய்த பல்பில் வெளிச்சத்தை அளக்கும் லூமன் கணக்கில் வாட்டுக்கு 200 வரை வருகிறது. நம் கடை பல்பில் 100 லூமன் அளவுதான். அங்கே மாயம் ஒன்றுமில்லை. வில்லைகளை அதிகமாக வைத்து, ஒவ்வொன்றையும் மெதுவாக வேலை வாங்கியிருக்கிறார்கள். வில்லை கூடினால் விலை கூடும். நூறு ரூபாய்க்குள் 9 வாட் பல்பு வேண்டும் என்று கேட்கும் சந்தையில், வில்லையைக் குறைத்து, இருப்பதை வாட்டி எடுப்பதுதான் மலிவான வழி. இதற்கு ஜெனீவாவில் யாரும் கூட வேண்டாம். நாம் வாட்டையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குகிற வரை, சீக்கிரம் போகும் பல்புதான் அலமாரியில் முன்வரிசையில் நிற்கும்.

வாட்டி எடுப்பது என்றால் சூடு. செத்த பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றினால், வட்ட அலுமினியத் தகட்டில் வில்லைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்தவை. எனவே ஒன்று அறுந்தாலும் மொத்தமும் அணையும். எது போனது என்று தேட மீட்டர் வேண்டியதில்லை, அதன் மஞ்சள் முகத்தில் மிளகு அளவுக்கும் சிறியதாக ஒரு கருப்புப் புள்ளி இருக்கும். பல்பு எரிந்து சற்று நேரத்தில் அணைந்து, ஆறியதும் மறுபடி எரிந்தால், சூட்டில் விரிந்து ஈயப் பற்று எங்கோ விட்டிருக்கிறது. விட்டுவிட்டுத் துடித்தால் பெரும்பாலும் டிரைவரில் கரண்டைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் கண்டென்சர்தான்.

கண்டென்சருக்குள் இருப்பது ஈரம். சூட்டில் அது வற்றும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று குறித்த சாதாரண கண்டென்சர், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் இரு மடங்கு தாங்கும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. பல்பின் கழுத்துக்குள் 85 டிகிரி என்றால் 8,000 மணி நேரம், அதாவது தினம் ஐந்து மணி நேரத்துக்கு நாலு வருஷத்துக்கு மேல். 95 டிகிரி என்றால் அதில் பாதி. இந்தப் பத்து டிகிரியை நம் ஊர் சுலபமாகக் கொடுத்துவிடும். சித்திரை வெயிலில் காய்ந்த தட்டட்டியின் கீழ் இரவு எட்டு மணிக்கும் அனல் இறங்குகிறது. அங்கே மூடிய கண்ணாடிக் குடுவைக்குள், தலைகீழாகத் தொங்கும் பல்பில், சூடு முழுதும் மேலே ஏறி டிரைவர் இருக்கும் கழுத்தில் போய்த் தங்கும். அதே பல்பைத் திறந்த ஹோல்டரில், காற்றுப் படும் சுவரில் போட்டால் கூடுதல் காலம் வரும்.

இப்போது ஆயுளை நிர்ணயிக்கும் ஒரு சின்னப் பொருள். வில்லைகளுக்கு எவ்வளவு கரண்ட் என்பதை டிரைவரில் உள்ள ஐசி என்ற சில்லின் பக்கத்தில் இணையாக நிற்கும் இரண்டு பொடி ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கின்றன. பைசாக் கணக்கில் விலை. உதாரணமாக ஒன்று 3.3 ஓம், இன்னொன்று 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2.5 ஓம். கரண்ட் இதற்கு எதிர் விகிதத்தில் போகும். 10 ஓமை மட்டும் எடுத்துவிட்டால் 3.3 மட்டும் நிற்கும். கரண்ட் முக்கால் பங்காகும், 9 வாட் பல்பு 7 வாட்டுக்குள் வந்துவிடும். வெளிச்சம் கால் பங்கு கூடக் குறையாது. கண்ணுக்கு அது பெரிதாகவும் தெரியாது. சூடு கணிசமாக இறங்கும். 9 வாட் வெளிச்சமே வேண்டும் என்றால் 12 வாட் பல்பை வாங்கி இப்படிக் குறைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலையிலும் இதே இடத்தில், இதே ரெசிஸ்டரில்தான் ஆயுளுக்கு அளவு போடுகிறார்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்கச் சொல்லவில்லை. இந்த பல்புகளில் மின்சாரம் பிரிக்கப்படாமல் நேராக வருவதால், மூடியைத் திறந்தபின் அலுமினியத் தகட்டைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். ஹோல்டரிலிருந்து கழற்றிய பின்னும் கண்டென்சரில் மிச்சம் இருக்கும். மூடி திறந்தால் வாரன்டியும் போயிற்று. பல்பு புதிதாக இருக்கும்போது செய்தால்தான் முழுப் பலன் என்பது இன்னொரு சங்கடம்.

தெருவோரம் பத்து இருபது ரூபாய்க்குச் செத்த வில்லையின் மேல் ஈயத்தைச் சொட்டி இணைத்துக் கொடுக்கிறார்களே, அது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே காயில் எனப்படும் சிறு கம்பிச் சுருள் உள்ள டிரைவர் இருந்தால் அது கொஞ்ச நாள் ஓடும். காயில் இல்லாமல் ஐசி-யும் வில்லைகளும் ஒரே தகட்டில் இருக்கும் மலிவு பல்பாக இருந்தால், அந்த வில்லை தாங்கிய வோல்டேஜும் ஐசி தலையில் ஏறும். ஐசி இன்னும் சுடும், அடுத்து அது போகும். இரண்டிலுமே கரண்ட் குறையாததால் முதல் வில்லையைக் கொன்ற காரணம் அப்படியே இருக்கிறது. ஈயம் வைக்கிற கையோடு அந்த இரண்டு ரெசிஸ்டரில் ஓம் அதிகமுள்ளதையும் எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

மோஸ்தர் மாறுவதும் இதோடு சேர்ந்த தொல்லை. பால்ஸ் சீலிங் போடும் வீடுகளில் பதிக்கும் மெல்லிய பேனல் விளக்குகளில் பல்பு என்று தனியாக மாற்ற ஒன்றுமே கிடையாது. எட்டில் ஒன்று போனால், அதே ஓட்டை அளவும் அதே வெள்ளை நிறமும் மூன்று வருஷம் கழித்துக் கடையில் இருக்காது. எட்டையும் மாற்றச் சொல்வார்கள். டிரைவர் தனி டப்பாவாக ஒயரில் தொங்கும் மாடலாகப் பார்த்து வாங்கி, கூடவே இரண்டு விளக்கு உபரியாக எடுத்து வைத்தால் இதைத் தவிர்க்கலாம். அந்த டப்பா மட்டும் தனியாகக் கிடைக்கும்.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் செல்போன், வாகனம், விவசாயக் கருவி, வீட்டு உபயோகப் பொருள்கள் பற்றிப் பேசுகிறார்கள். நூறு ரூபாய் பல்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அட்டையில் வில்லையின் ஆயுளோடு, எத்தனை டிகிரி வெப்பத்தில், டிரைவரும் சேர்த்து எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி போட வைத்தால், அலமாரி முன்வரிசை தானாக மாறும்.

அதுவரை வாசகருக்கு ஒன்று. பல்பு மாட்டும் அன்றே அதன் கழுத்தில் மார்க்கரால் தேதியை எழுதிவிடுங்கள். பில்லை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கடையில் தருவது வெப்பத் தாள் பில். நம் ஊர்ச் சூட்டுக்கு வாரன்டி முடியும் முன்பே அதில் எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். வெள்ளைத் தாளைக் காட்டினால் எந்தக் கடைக்காரரும் பல்பு மாற்றித் தரமாட்டார்.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுது பார்ப்போர் இருவர்,
பாளையங்கோட்டை.