பொருள்: கொட்டேஷனில் "பராமரிப்பு தனி" என்று மட்டும் எழுதியது பற்றிய புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் காபித்தூள், மிளகு, தேன் விற்கும் சின்னக் கடை என்னுடையது. நான்கு மெயில், ஆறு போன் ஆகிவிட்டது. ஒன்றுக்கும் சரியான பதில் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

போன வருடம் நீங்கள் அனுப்பிய கொட்டேஷன் மெயில் உங்களிடமே இருக்கும். ஐந்து பக்க வெப்சைட், முதல் வருட டொமைன், ஹோஸ்டிங் சேர்த்து 12,000 ரூபாய். கடைசி வரி, "பராமரிப்பு தனி". எவ்வளவு, எதற்கெல்லாம் என்று ஒரு எழுத்து இல்லை. இப்போது 9,500, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 11,210 கேட்கிறீர்கள். சைட் கட்டிய செலவே திரும்ப வருகிறது!

இதைக் கேட்கத்தான் கடையைச் சாத்திவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "அக்கவுன்ட்ஸ் சார் போய்ட்டார், மெயில் போடுங்க" என்றார்கள். மெயில் போட்டுத்தானே வந்தேன்! மறுநாள் போனில் பேசிய தம்பி, "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுண்ணே, கட்டலைன்னா சைட் நின்னுடும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பேச்சு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

புரியாமல் இல்லை. ஒரு .com பெயரைப் புதுப்பிக்க வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். பூட்டுக் குறி காட்டும் எஸ்எஸ்எல் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கு 1,500 போட்டிருக்கிறீர்கள். மிளகு விலை ஒன்றை மாற்ற 350 தனியாம். அப்படியானால் அந்த 9,500 எதற்கு?

இதைவிடப் பெரிய விஷயம் டொமைன். என் அக்கா மகன் lookup.icann.org தளத்தில் தேடிப் பார்த்தான். உரிமையாளர் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பணம் கொடுத்தது நான். இப்போது அது காலாவதியாகி சைட்டும் நின்றுவிட்டது. சில வாரம் போனால் மீட்கத் தனிக் கட்டணம், அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெயரை அச்சடித்த 2,000 காபித்தூள் கவர் என் கடையில் கட்டுக்கட்டாக இருக்கிறது. கோடை விழா சீசன் மொத்தமும் போய்விட்டது, லட்சக்கணக்கில் நஷ்டம்.

தயவுசெய்து டொமைன், ஹோஸ்டிங், வேலைக்கூலி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து புது கொட்டேஷன் அனுப்புங்கள். டொமைனுக்கு ஆகும் தொகையை இன்றே கட்டுகிறேன். உடனே புதுப்பித்து, உரிமையாளர் பெயரை என் பெயருக்கு மாற்றுங்கள். வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய ஆத் கோடையும் (auth code) தாருங்கள். மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், சண்டை போட எனக்கு ஆசை இல்லை.

ஏழு நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். கொட்டேஷன் மெயிலின் பிரிண்ட் என் கையில் இருக்கிறது. அந்தத் தம்பியும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஏற்காடு காபித்தூள் கடைக்காரர்