வருகைப் பதிவேட்டில் ஓ.டி., மதிப்பெண் பட்டியலில் ஏ.பி.: பள்ளி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துப் பொதுத்தேர்வை எழுதி முடித்திருக்கும் ஒரு மாணவியின் அம்மா எழுதுகிறேன். அவள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பள்ளி வாசலில் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று கட்டியிருக்கிறீர்களே ஒரு ஃபிளெக்ஸ், அதில் வலது ஓரத்தில் தடை தாண்டிக்கொண்டு இருப்பவள்தான். படத்துக்குக் கீழே 'மாநில அளவில் மூன்றாம் இடம், 400 மீட்டர் தடை ஓட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குத்தான் ப்ளஸ் ஒன்னில் பயாலஜி மேத்ஸ் குரூப் கிடையாது, வேண்டுமானால் காமர்ஸ் எடுத்துக்கொள்ளட்டும் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

காமர்ஸ் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் படிக்க நினைப்பது பிசியோதெரபி. அதற்குப் பயாலஜி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு முன்பே குரூப் ஒதுக்கிவிடுகிறீர்கள். அது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், விடுங்கள். அரையாண்டு, முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் ஆகிய மூன்று தேர்வுகளின் மொத்தத்தை 1,500க்கு எடுத்து, 80 சதவீதம் வந்தால் பயாலஜி மேத்ஸ் என்று வைத்திருக்கிறீர்கள். அரையாண்டில் என் மகள் 438. இரண்டாம் திருப்புதலில் 431. முதல் திருப்புதலில் மட்டும் 175. திடீரென்று படிப்பை மறந்துவிட்டாளா என்றால் இல்லை. தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்று தாள்களையும் அவள் எழுதவேயில்லை. எழுதிய அறிவியலில் 86, சமூக அறிவியலில் 89. எழுதாத மூன்றுக்கும் ஏ.பி. என்று போட்டு, கூட்டும்போது பூஜ்யமாக எடுத்துக்கொண்டீர்கள். மொத்தம் 1,044. அதாவது 69.6 சதவீதம்.

அவள் எழுதியது 12 தாள். 1,200க்கு 1,044 என்றால் 87 சதவீதம். இதைச் சொன்னபோது அலுவலகத்தில், "எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா" என்றார்கள். சரி, அந்த விதியையே கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். எழுதிய 12 தாளிலும் ஒரு மதிப்பெண்கூட விடாமல் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தால் அவளுக்கு வந்திருப்பது 1,200. சரியாக 80 சதவீதம். ஓடப் போன பிள்ளை உங்கள் கோட்டைத் தொட வேண்டுமென்றால் மீதி எல்லாவற்றிலும் செண்டம் போட வேண்டும். ஓடப் போகாமல் வகுப்பில் உட்கார்ந்து அந்த மூன்று தாளிலும் 52 வீதம் எடுத்திருந்தாலே போதும், இடம் கிடைத்திருக்கும். இதைப் போட்டுக் காட்டியபோது அலுவலகத்தில் யாரும் மறுக்கவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார்கள். அதனால்தான் மேலே கேட்கிறேன்.

அந்த மூன்று நாளும் அவள் எங்கே இருந்தாள் என்பதற்குச் சாட்சி நீங்களேதான், மேடம். குடியரசு தின விளையாட்டுப் போட்டியின் மாநிலச் சுற்று மழையால் தள்ளிப்போய் திருப்புதல் தேர்வு வாரத்தில் வந்து விழுந்தது. தேதியை நாங்கள் வைக்கவில்லை. குறுவட்டத்தில் ஜெயித்து, வருவாய் மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலத்துக்குப் போனாள். அவளுடைய புகைப்படமும் பிறந்த தேதியும் இருந்த தகுதிப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைத்தது நீங்கள். உடன் வந்தது உங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. பனியனில் இருந்தது உங்கள் பள்ளியின் பெயர். வகுப்பு வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று நாளுக்கும் ஓ.டி. என்றுதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பள்ளி வேலையாகப் போனாள் என்று ஒரு நோட்டு சொல்கிறது. வரவில்லை என்று இன்னொரு நோட்டு சொல்கிறது. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

அந்தப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள். முதல் தடை 45 மீட்டரில், அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையிலிருந்து கோடு வரை 40 மீட்டர். வேகமாக ஓடினால் மட்டும் போதாது. இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை எட்டு எடுத்து வைக்க வேண்டும் என்பதை உடம்பு மறக்காமல் வைத்திருக்க வேண்டும். என் மகளுக்கு 17 எட்டு. களைத்துப்போய் எட்டு குட்டையாகிவிட்டால் 18 ஆகும், பழகாத கால் முன்னே வரும், தடையில் இடிக்கும். இறுதி ஓட்டத்தில் எட்டாவது தடையில் அப்படித்தான் ஆனது. பின்னால் வந்த கால் முட்டி கட்டையில் உரசித் தோல் பெயர்ந்தது. தடுமாறியும் விழாமல் சமாளித்து மூன்றாவதாக வந்தாள்.

பரிசளிப்பு முடிந்து இரவுப் பேருந்து. முட்டியை மடக்க முடியாமல் காலை நீட்டியபடியே, செல்போன் வெளிச்சத்தில் அறிவியல் புத்தகம். விடியற்காலை வந்து இறங்கினோம். குளித்துவிட்டு நேராகத் தேர்வுக்குப் போனாள். ஒரு நாள் ஓய்வெடு, மருத்துவச் சான்று வாங்கித் தருகிறேன் என்றேன். "ஏற்கெனவே மூணு போச்சும்மா" என்றாள். அன்று எழுதியதுதான் அந்த 86. கட்டுப் போட்ட காலோடு அவள் எழுதிய தாளுக்கு முழு மதிப்பு கொடுத்தீர்கள், நன்றி. உங்கள் அனுமதியோடு அவள் எழுதாமல் போன தாள்களுக்கு ஏன் பூஜ்யம் என்பதுதான் என் கேள்வி.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கலாமே என்று போனேன். உங்கள் சேர்க்கைக் கையேட்டிலேயே 'மாநில, தேசிய அளவில் பங்கேற்றவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முன்னுரிமை' என்று இருக்கிறது. அதற்குக் கிடைத்த பதில்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அந்த ஒதுக்கீடு வெளிப் பள்ளிகளிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்காம். நம் பிள்ளைகள் எப்படியும் நம் பள்ளியில்தானே இருக்கிறார்கள் என்றார்கள். அப்படியென்றால் நான் இவளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய், மறுநாள் காலை வெளிப் பள்ளி மாணவியாக அதே வாசலில் வந்து நின்றால் கோட்டா கிடைக்குமா? விளையாட்டாகக் கேட்கவில்லை. விதி அப்படித்தான் என்றால் எழுதிக் கொடுங்கள், அதையும் செய்து பார்க்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருந்தது. காலாண்டுக்கு முன்பே ஒன்றைக் கணிதமும் மற்றொன்றை அறிவியலும் வாங்கிக்கொண்டன. மைதானத்தில் பாதி பள்ளிப் பேருந்துகள் நிற்கும் இடம். பயிற்சிக்கு ஒரு தடைகூடப் பள்ளியில் கிடையாது. விடியற்காலையில் மாவட்ட விளையாட்டரங்கத்துக்குப் போய் ஓடிவிட்டு, ஈரத் தலையோடு முதல் மணிக்கு ஓடி வந்த பிள்ளை இவள். பதக்கம் மட்டும் பள்ளி வளாகத்தில் தானாக விளைந்ததுபோல ஃபிளெக்ஸில் வந்துவிட்டது.

ஆண்டு விழா மேடையில் நீங்கள் பேசியதும் நினைவிருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி, நூற்றில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்த கதையைச் சொன்னீர்கள். கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே 55.42இல் ஓடி அந்தத் தேசியச் சாதனையைச் சமன் செய்ததையும் சொன்னீர்கள். பெற்றோர்கள் எல்லாரும் கைதட்டினோம். இருவரும் ஓடியது இதே 400 மீட்டர் தடை ஓட்டம்தான். அவர்கள் காலத்துப் பள்ளியில் மதிப்பெண் பட்டியலை யார் போட்டார்களோ, தெரியவில்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது. நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். எழுதாத தாளைப் பூஜ்யமாகக் கூட்டாதீர்கள். பள்ளியே அனுப்பிய நாட்களில் வந்த தாள்களை நீக்கிவிட்டு, எழுதிய 12 தாள்களை வைத்துச் சதவீதம் போடுங்கள். அது சரிவராது என்றால் அந்த மூன்று தாள்களையும் இப்போது எழுத வையுங்கள். கேள்வித்தாள் எவ்வளவு கடினமாக இருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கே வருவாள். இரண்டும் முடியாது என்றால் நீங்களே அச்சடித்த விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளையும் ஒரு விண்ணப்பதாரராகச் சேருங்கள். இந்த மூன்றில் எது உங்களுக்கு எளிதோ அது எனக்குப் போதும்.

இது ஒன்றும் யாரும் செய்யாத சலுகை இல்லை. தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போகும் மாணவர்களின் பொதுத்தேர்வையே வேறு தேதியில் நடத்த சி.பி.எஸ்.இ.யில் வழி இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களின் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் விளையாட்டில் எந்த மட்டம் என்று பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்விலேயே விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியாக இருக்கின்றன. உங்கள் பாடத்திட்டம் வேறு, அந்த விதிகள் உங்களைக் கட்டாது என்பது தெரியும். அவர்களெல்லாம் பொதுத்தேர்வுக்கும் கல்லூரிக்கும் செய்வதை ஒரு திருப்புதல் தேர்வுக்குச் செய்வதில் என்ன தடை என்றுதான் கேட்கிறேன்.

குரூப் பட்டியல் இறுதியாவதற்குள் பதில் வேண்டும். ஒருமுறை ஒட்டிவிட்டால் இடம் நிரம்பிவிட்டது என்பதுதான் பதிலாக வரும். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வதைவிட, சம்மதமோ மறுப்போ உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் கொடுத்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன். மாநிலப் போட்டிச் சான்றிதழ், நீங்கள் கையெழுத்திட்ட தகுதிப் படிவம், மூன்று தேர்வுகளின் மதிப்பெண் அட்டை ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வருகைப் பதிவேடு உங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா